குறிப்புச் செயலி: காலித் திரைகளும் பிழைத் திரைகளும்

வடிவமைப்பாளருக்கும் டெவலப்பர்களுக்கும்: தலைப்பு, வரி, பொத்தான் மூன்றையும் அப்படியே எடுத்து ஒட்டலாம். எந்தப் பிழை வந்தாலும் "நான் எழுதியது என்ன ஆச்சு?" என்பதுதான் பயனரின் முதல் கேள்வி. அதனால் அவர் எழுதியது சம்பந்தப்பட்ட இடத்தில் எல்லாம் வரி அதற்குப் பதில் சொல்கிறது.

முதன்முறை திறக்கும்போது
படம்: மெல்லிய கோட்டில் வெற்றுத் தாள், மேலே சாய்ந்த பென்சில்.
தலைப்பு: இன்னும் குறிப்பு எதுவும் இல்லை
வரி: மனதில் இருப்பதை ஒரு வரி எழுதிப் பாருங்கள்.
பொத்தான்: குறிப்பு எழுது

பழைய கணக்கோடு புது போனில் நுழைபவருக்கு இந்தத் திரை தப்பித் தவறியும் வரக் கூடாது. குறிப்புகள் இறங்கி முடிவதற்குள் "எதுவும் இல்லை" என்று ஒரு நொடி தெரிந்தாலும், எல்லாம் போய்விட்டது என்று பதறிவிடுவார். அதுவரை "உங்கள் குறிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன" என்ற ஒரே வரி போதும். அங்கே பொத்தானும் படமும் வேண்டாம்.

தேடியது கிடைக்காதபோது
படம்: பூதக்கண்ணாடி, அதற்குள் மூன்று வெற்றுக் கோடுகள்.
தலைப்பு: 'கட்டண ரசீது' எந்தக் குறிப்பிலும் இல்லை
வரி: எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள், அல்லது ஒரே சொல்லாகத் தேடுங்கள்.
பொத்தான்: தேடலை அழி

பயனர் தட்டிய சொல்லே தலைப்பில் வர வேண்டும். பிழை இருந்தால் அவர் கண்ணிலேயே படும். நீளமாக இருந்தால் வெட்டலாம், ஆனால் யூனிகோட் குறியீட்டை எண்ணி வெட்டாதீர்கள். 'கொ' பார்க்க ஓர் எழுத்து, உள்ளே இரண்டு குறியீடு. நடுவில் வெட்டினால் 'க' என்று நிற்கும். புள்ளி போனால் 'க்' கதியும் அதேதான்.

இணையம் இல்லாதபோது
படம்: பிளக்கும் சாக்கெட்டும், நடுவே சின்ன இடைவெளி.
தலைப்பு: இணையம் இல்லை
வரி: எழுதியதெல்லாம் இந்த போனில் பத்திரமாக இருக்கிறது. இணையம் வந்ததும் மற்ற சாதனங்களுக்கும் போய்ச் சேரும்.
பொத்தான்: மீண்டும் முயற்சி செய்

வைஃபை சின்னம் மேலே தெரியும், இணையம் மட்டும் வராது. அந்த நேரத்தில் "இணையம் இல்லை" என்றால் நம்ப மாட்டார்கள். அதற்குத் தலைப்பு: வைஃபை இருக்கிறது, இணையம் வரவில்லை. மற்றதெல்லாம் அதே.

சர்வர் கோளாறு
படம்: மூடிய கதவு, மேலே எரியும் சிறு விளக்கு. அழும் ரோபோ வேண்டாம். அவசரத்தில் இருப்பவருக்கு அது எரிச்சல்தான் தரும்.
தலைப்பு: கோளாறு எங்கள் பக்கத்தில்
வரி: உங்கள் போனில் பிரச்சினை இல்லை. கடைசியாக எழுதியதும் போனிலேயே இருக்கிறது.
பொத்தான்: மீண்டும் முயற்சி செய்

"பிழை 503" என்பது அடியில் சின்னதாக இருக்கட்டும், உதவிக்கு எழுதும்போது பயன்படும். பதிலில் `Retry-After` வந்தால் அத்தனை நொடி பொத்தானை மங்கலாக வைத்து, அதன்மேல் "40 நொடியில் முயலலாம்" என்று எண்ணிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் தட்டித் தட்டியே சர்வரை மறுபடி படுக்க வைப்பார்கள்.

கேமரா அனுமதி மறுக்கப்பட்டபோது
படம்: கேமரா, லென்ஸ் மேல் மூடி.
தலைப்பு: கேமராவுக்கு அனுமதி இல்லை
வரி: தாளை ஸ்கேன் செய்ய மட்டும் கேமரா தேவை. அமைப்புகளில் அனுமதி தரலாம்.
பொத்தான்: அமைப்புகளைத் திற

ஐஓஎஸ் ஒருமுறைதான் கேட்கவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு முறை மறுத்தால் அதோடு சரி. அதனால் "அனுமதி கொடு" என்று பொத்தான் வைத்தால் தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

போனில் இடம் தீர்ந்தபோது
படம்: நிரம்பி மூட முடியாத பெட்டி.
தலைப்பு: இந்தக் குறிப்பு இன்னும் சேமிக்கப்படவில்லை
வரி: போனில் இடம் இல்லை. குறிப்பை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம் இடம் ஒழியுங்கள்.
பொத்தான்: குறிப்பை நகலெடு

"பத்திரமாக இருக்கிறது" என்று சொல்ல முடியாத ஒரே திரை இது. பூசி மெழுகாமல் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். சேமிப்பக அமைப்புக்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அவர் அங்கே போயிருக்கும்போது பின்னணியில் இருக்கும் நம் செயலியை போன் மூடிவிட்டால் எழுதியதும் சேர்ந்து போகும்.

பகிர்ந்த குறிப்பு திறக்காதபோது
படம்: கிளிப் மட்டும், தாள் இல்லை.
தலைப்பு: இந்தக் குறிப்பைத் திறக்க முடியவில்லை
வரி: பகிர்ந்தவர் இதை நீக்கியிருக்கலாம், அல்லது பகிர்வதை நிறுத்தியிருக்கலாம்.
பொத்தான்: என் குறிப்புகளுக்குப் போ

403, 404 இரண்டுக்கும் இதே சொற்கள். எது நடந்தது என்பது பகிர்ந்தவரின் சொந்த விஷயம்.

குப்பைத்தொட்டி காலி
படம்: காலித் தொட்டி, அவ்வளவுதான்.
தலைப்பு: இங்கே ஒன்றும் இல்லை
வரி: நீக்கும் குறிப்புகள் 30 நாள் இங்கே இருக்கும்.
பொத்தான்: குறிப்புகளுக்குத் திரும்பு

படங்கள் எல்லாம் இரண்டே நிறம்; இருண்ட தீமுக்குத் தனிப் பிரதி வேண்டும். டாக்பேக்கும் வாய்ஸ்ஓவரும் படத்தைத் தாண்டி நேராகத் தலைப்பைப் படிக்கட்டும். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் திரையில் இடம் போதாவிட்டால், படத்தை எடுத்துவிடுங்கள். பொத்தான் கீழே நழுவக் கூடாது.