வர்க்க எண்களும் இரு முழு எண்களுக்கு இடையில் வர்க்கமூலமும்

தரம் 8 · கணிதம் · பயிற்சித்தாள் · இரண்டு பாடவேளைகள்
கணிகருவி பாவிக்க வேண்டாம். செய்கை வழியைக் கொப்பியில் காட்டுக. விடைகள் தாளின் கடைசியில் உள்ளன. செய்து முடித்த பிறகு பாருங்கள்.

பகுதி அ: நிறைவர்க்கங்களை அறிதல்

ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது நிறைவர்க்கம். 7 × 7 = 49, ஆகவே 49 ஒரு நிறைவர்க்கம்; √49 = 7. 7² என்பது 7 × 2 அல்ல. அவசரத்தில் 14 என்று எழுதிவிடுவது தரம் 8 கொப்பிகளில் அடிக்கடி கிடைக்கும் பிழை.

1 முதல் 20 வரையான எண்களின் வர்க்கங்கள் மனதில் நிற்க வேண்டும்:

1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100,
121, 144, 169, 196, 225, 256, 289, 324, 361, 400

அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 3, 5, 7, 9, 11 என்று ஒற்றை எண்களாகவே போகிறது. ஒரு வர்க்கத்திலிருந்து அடுத்ததற்குப் போக, அந்த இரண்டு எண்களையும் கூட்டிச் சேர்த்தால் போதும். 20² = 400 தெரிந்தால் 21² = 400 + 20 + 21 = 441. பெருக்கத் தேவையில்லை. 12 × 12 சதுரமாகக் கற்களை அடுக்கி, ஒரு பக்கத்தில் 12 கல்லும் அடுத்த பக்கத்தில் மூலைக்கல்லோடு 13 கல்லும் வைத்தால் 13 × 13 சதுரம் கிடைக்கும். 144 + 25 = 169 வருவது அதனால்தான்.

கடைசி இலக்கமும் துப்புக் கொடுக்கும். நிறைவர்க்கத்தின் ஒன்றினிடத்து இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். 2, 3, 7, 8 இல் முடிந்தால் அது நிறைவர்க்கம் அல்ல. 5 இல் முடியும் நிறைவர்க்கம் 25 இல்தான் முடியும். கடைசியில் வரும் பூச்சியங்கள் இரட்டை எண்ணிக்கையாக இருக்க வேண்டும்: 400 நிறைவர்க்கம், 4000 அல்ல.

இந்த விதியைத் திருப்பிப் போடாதீர்கள். 46 இன் கடைசி இலக்கம் 6. ஆனாலும் 36 க்கும் 49 க்கும் நடுவே நிற்கும் 46 நிறைவர்க்கம் அல்ல. கடைசி இலக்கம் ஓர் எண்ணை வெளியே தள்ள உதவும், உள்ளே எடுக்க உதவாது.

பெரிய நிறைவர்க்கத்துக்கு ஓர் உதாரணம்: √4489.
60² = 3600, 70² = 4900. ஆகவே விடை அறுபதுகளில். 9 இல் முடிவதால் 63 அல்லது 67. நடுவில் உள்ள 65² = 4225 (6 × 7 = 42, பின்னால் 25 எழுதுக). 4489 அதைவிடப் பெரியது. எனவே 67. சரிபார்க்க: 67 × 67 = 4489.

1. பின்வருவனவற்றில் நிறைவர்க்கம் அல்லாதவற்றைத் தெரிந்து காரணம் எழுதுக: 1225, 3137, 8000, 1635, 676, 586, 4900.
2. 30² = 900 எனக் கொண்டு, பெருக்காமல் 31² ஐயும் 29² ஐயும் காண்க.
3. 6084 ஒரு நிறைவர்க்கம். மேலுள்ள முறையில் √6084 ஐக் காண்க.

பகுதி ஆ: எந்த இரண்டு முழு எண்களுக்கு இடையில்?

40 நிறைவர்க்கம் அல்ல. அதற்குச் சற்றுக் கீழே 36, சற்று மேலே 49.

36 < 40 < 49
√36 < √40 < √49
6 < √40 < 7

இந்த மூன்று வரியையும் முழுமையாக எழுதுங்கள். நேரே "6, 7" என்று மட்டும் எழுதுபவர்கள்தான் சோதனையில் "√40 ஆனது 36 க்கும் 49 க்கும் இடையில்" என்று மாற்றி எழுதுகிறார்கள்.

அடுத்த கேள்வி, 6 க்குக் கிட்டவா 7 க்குக் கிட்டவா என்பது. நடுப்புள்ளி 6.5. அதன் வர்க்கம் 42.25. 40 அதைவிடக் குறைவு, எனவே √40 ஆனது 6 க்குக் கிட்ட.

6.5² ஐ எளிதாகக் காணலாம்: 6 × 7 = 42, அதோடு 0.25. எல்லா அரைகளுக்கும் இது பொருந்தும். 16.5² = 16 × 17 + 0.25 = 272.25. வளவு வாங்கும்போது பேசப்படும் ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 16½ அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பளவுதான் அது.

ஆகவே விதி இப்படி அமைகிறது: இரு முழு எண்களையும் பெருக்குக. தரப்பட்ட முழு எண் அந்தப் பெருக்கத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சிறிய எண்ணுக்குக் கிட்ட. கூடினால் பெரிய எண்ணுக்குக் கிட்ட. அரையின் வர்க்கத்தில் எப்போதும் 0.25 ஒட்டியிருப்பதால், முழு எண்ணொன்றின் வர்க்கமூலம் சரியாக நடுவில் வந்து நிற்காது.

4. பின்வரும் ஒவ்வொன்றும் எந்த அடுத்தடுத்த முழு எண்களுக்கு இடையில் உள்ளது? எதற்குக் கிட்ட?
√19, √72, √73, √110, √111, √500

(72, 73 இரண்டையும் அருகருகே தந்திருப்பது காரணத்தோடுதான்.)

பகுதி இ: முதலாம் தசமதானம் வரை

√40 ஐத் தொடர்வோம். 36 இலிருந்து 40 க்கு 4. 36 இலிருந்து 49 க்கு 13. 4 ÷ 13 ஏறக்குறைய 0.3. ஆகவே 6.3 ஐ எடுத்துச் சோதிக்கிறோம்.

6.3² = 39.69 (குறைவு)
6.4² = 40.96 (கூட)

√40 இவ்விரண்டுக்கும் இடையில். 6.3 × 6.4 = 40.32. 40 அதைவிடக் குறைவு, எனவே √40 ≈ 6.3.

சமக்குறி அல்ல, ≈ போடுக. 6.3² ஆனது 40 அல்லவே.

4 ÷ 13 போன்ற பின்னம் தொடங்குமிடத்தைத்தான் காட்டும். அதை விடையாக எழுதக்கூடாது. அது எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். காரணம், வர்க்கங்கள் சமமான வேகத்தில் கூடுவதில்லை. 6 இலிருந்து 6.1 க்குப் போனால் வர்க்கம் 1.21 கூடுகிறது, 6.9 இலிருந்து 7 க்குப் போனால் 1.39. சிறிய எண்களில் இந்தக் குறை விடையையே மாற்றிவிடும். √12 ஐப் பாருங்கள்: 9 இலிருந்து 3, மொத்த இடைவெளி 7. 3 ÷ 7 ≈ 0.43. இதை நம்பி 3.4 என்று எழுதினால் பிழை. 3.4² = 11.56, 3.5² = 12.25, 3.4 × 3.5 = 11.9, 12 அதைவிடக் கூட. சரியான விடை 3.5.

5. முதலாம் தசமதானத்துக்குத் திருத்தமாகக் காண்க: √8, √23, √60, √95, √180.
6. √2, √20, √200, √2000 ஆகியவற்றை முதலாம் தசமதானத்துக்குக் காண்க. எண்ணை 10 ஆல் பெருக்கினால் வர்க்கமூலமும் 10 மடங்கு ஆகிறதா? 100 ஆல் பெருக்கினால்?
7. ஒரு மாணவர் எழுதிய விடைகள் இவை. எங்கே பிழை என விளக்கித் திருத்துக.
(i) √130 = 65 (ii) √0.4 = 0.2 (iii) √3600 = 600 (iv) √(9 + 16) = 3 + 4 = 7

பகுதி ஈ: பாவனையில்

8. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில், 1 அடிப் பக்கமுள்ள 150 தரை ஓடுகள் மிஞ்சியுள்ளன. வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப்பெரிய சதுரத் தரையின் பக்கம் எவ்வளவு? எத்தனை ஓடுகள் மீதி? அடுத்த பெரிய சதுரத்துக்கு இன்னும் எத்தனை தேவை?

9. வெல்லாவெளியில் நெல் காயவைக்கும் சதுரமான படங்கு ஒன்றின் பரப்பளவு 30 சதுர மீற்றர். பக்க நீளத்தை முதலாம் தசமதானத்துக்குக் காண்க. நான்கு ஓரத்துக்கும் கயிறு வைத்துத் தைக்க எத்தனை மீற்றர் கயிறு வாங்க வேண்டும்? பக்கத்தை 5.4 மீ என எடுத்தால் என்ன நடக்கும்?

10. செங்கலடியில் 10 பேர்ச்சஸ் வளவு சதுர வடிவானது. 1 பேர்ச் ≈ 25.29 சதுர மீற்றர். வளவின் பக்கத்தை முதலாம் தசமதானத்துக்குக் காண்க. 20 பேர்ச்சஸ் சதுர வளவின் பக்கம் இதன் இரண்டு மடங்காகுமா?

11. அக்கரைப்பற்றில் 64 தென்னங்கன்றுகளைச் சதுரமாக நடுகிறார்கள். வரிசைக்கு வரிசையும் கன்றுக்குக் கன்றும் 8 மீற்றர். முதற் கன்றிலிருந்து அவ்வரிசையின் கடைசிக் கன்று வரை எவ்வளவு தூரம்?

விடைகள்

1. 3137 (7 இல் முடிகிறது), 8000 (மூன்று பூச்சியங்கள்), 1635 (35 இல் முடிகிறது), 586 (24² = 576, 25² = 625 இரண்டுக்கும் இடையில்). 1225 = 35², 676 = 26², 4900 = 70². 586 ஐ விட்டவர்கள் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

2. 31² = 900 + 30 + 31 = 961. 29² = 900 − 30 − 29 = 841.

3. 4 இல் முடிவதால் 72 அல்லது 78; 75² = 5625 ஐவிடக் கூட; விடை 78.

4. √19: 4, 5, 4 க்குக் கிட்ட. √72: 8, 9; 8 க்குக் கிட்ட (8 × 9 = 72, சமம்). √73: 8, 9; 9 க்குக் கிட்ட. √110: 10, 11, 10 க்குக் கிட்ட. √111: 10, 11, 11 க்குக் கிட்ட. √500: 22, 23; 22 க்குக் கிட்ட (22 × 23 = 506).

5. 2.8, 4.8, 7.7, 9.7, 13.4. √60 க்கு 7.8 எழுதியவர்கள் 7.7 × 7.8 = 60.06 ஐப் பார்க்கவில்லை.

6. 1.4, 4.5, 14.1, 44.7. 10 ஆல் பெருக்கினால் வர்க்கமூலம் 10 மடங்காகாது. 100 ஆல் பெருக்கினால்தான் 10 மடங்கு.

7. (i) பாதியாக்கியிருக்கிறார், 11.4² = 129.96, ஆகவே ≈ 11.4. (ii) 0.2² = 0.04, விடை ≈ 0.6. (iii) இரண்டு பூச்சியங்களுக்கு ஒரு பூச்சியம்தான், விடை 60. (iv) முதலில் கூட்டுக: √25 = 5.

8. 12 அடி, மீதி 6, இன்னும் 19 (169 − 150). 25 என எழுதினால் 6 மீதியை மறந்திருக்கிறீர்கள்.

9. 5.4 × 5.5 = 29.7; 30 அதைவிடக் கூட; பக்கம் ≈ 5.5 மீ. கயிறு 22 மீ. 5.4 எடுத்தால் 21.6 மீ மட்டும் வாங்கி, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் போதாமல் போகும்.

10. 252.9 சதுர மீற்றர். 15² = 225, 16² = 256; 15.9² = 252.81, பக்கம் ≈ 15.9 மீ. 20 பேர்ச்சஸ் வளவு 505.8 சதுர மீற்றர், 22.5² = 506.25, பக்கம் ≈ 22.5 மீ. இரண்டு மடங்கு ஆகாது. பக்கம் இரண்டு மடங்காக வேண்டுமெனில் 40 பேர்ச்சஸ் வேண்டும்.

11. √64 = 8, ஒரு வரிசையில் 8 கன்றுகள். அவற்றுக்கிடையே 7 இடைவெளிகள்: 7 × 8 = 56 மீற்றர். 64 மீற்றர் என்ற விடைக்கு, வர்க்கமூலம் கண்ட புள்ளியை மட்டும் கொடுக்கலாம்.