ஒரகடம் சப்ளையர் குவாலிட்டி வேலை தொடர்பாக

கவிதா மேடம், வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில்தான் கிடக்கும். வெளியே வந்து பார்த்தால் இரண்டு மிஸ்டு கால், பின்னாலேயே உங்கள் மெயில். மன்னிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய வேலை விவரத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். வீட்டிலும் பேசினேன். இந்த வேலைக்கு என் பெயரை அனுப்ப வேண்டாம் மேடம். நிறுவனம் நல்ல நிறுவனம், சம்பளமும் நியாயமானது. அதனால் இதைப் பேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொகையைக் கூட்டினாலும் என் பதில் இதேதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை என்னை எதற்குக் கூப்பிடலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாதத்தில் 15 நாள் சாகன், ராஜ்கோட், ஓசூர் என்று சப்ளையர்களைச் சுற்றி ஆடிட் செய்யும் வேலை இது. நான் ஒன்பது வருடமாக மெஷின் ஷாப்பிலேயே இருப்பவன். போன வருடம் எங்களிடம் ஓர் அலுமினிய ஹவுசிங், 80 மி.மீ. துளை, எச்7 டாலரன்ஸ். அதாவது மொத்தமே 30 மைக்ரான் இடம். காலையில் எல்லாம் ஓகே ஆகும், மதியத்துக்கு மேல் ஓவர்சைஸ் என்று ரிஜெக்ட் குவியும். டூலை மாற்றினார்கள், ஆஃப்செட்டைத் தட்டிப் பார்த்தார்கள், ஆபரேட்டருக்குத் திட்டும் விழுந்தது. கடைசியில் பார்த்தால் மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு சி.எம்.எம்.மில் வைத்திருக்கிறார்கள். அளவு என்பது 20 டிகிரிக்குச் சொல்வது. பீஸ் 35 டிகிரியில் இருந்தால் அந்தத் துளை கிட்டத்தட்ட 27 மைக்ரான் பெரிதாகக் காட்டும். டாலரன்ஸ் முழுவதையும் சூடே தின்றுவிடுகிறது! ஏசி அறையில் பீஸை ஆறவிட்டு அளக்க ஆரம்பித்தோம், தொல்லை தீர்ந்தது. எனக்குப் பிடித்த வேலை இந்த மாதிரிதான். செக்லிஸ்டோடு இன்னொருவர் கம்பெனிக்குள் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது எனக்கு வராது. வராத வேலைக்கு வந்து ஆறே மாதத்தில் நான் கிளம்பினால் உங்களுக்கும் அங்கே பெயர் கெடும்.

இன்னொன்று, மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடியும்வரை கோயம்புத்தூரை விட்டு நகர முடியாது. அதன்பிறகு ஓசூரோ ஒரகடமோ, குடும்பத்தோடு வரத் தயார்.

ஆகவே மே மாதத்துக்குப் பிறகு பிளான்ட் குவாலிட்டி, அளவியல் லேப், புது லைன் போடும் இடத்தில் பி.பி.ஏ.பி. வேலை என்று ஏதாவது வந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஐஏடிஎஃப் 16949 இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சி முடித்திருக்கிறேன். சொந்த பிளான்டுக்குள் ஆடிட் என்றால் சந்தோஷமாகச் செய்வேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். கோவையிலேயே கிடைத்தால் மே வரை காத்திருக்கவும் தேவையில்லை, உடனே பேசலாம்.

ஒரு சின்ன வேண்டுகோள். என் ரெஸ்யூமை எந்தக் கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தாலும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்பு ஒருமுறை இரண்டு கன்சல்டன்சியிலிருந்து என் ரெஸ்யூம் ஒரே இடத்துக்குப் போய், யார் மூலம் வந்தது என்ற தகராறில் இன்டர்வியூவே நடக்காமல் போனது. நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை, சூடு பட்டவன் சொல்கிறேன்.

அப்புறம், என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்போது ஓசூரில் இருக்கிறார். காஸ்டிங், மெஷினிங் இரண்டும் தெரியும், பயணம் என்றால் அலுக்காத ஆள். நேற்று இரவு அவரிடம் இந்த வேலையைப் பற்றிச் சொன்னேன், ஆர்வமாகக் கேட்டார். அவர் நம்பரை நானே கொடுப்பது சரியில்லை என்பதால் உங்கள் மெயில் முகவரியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த வாரத்துக்குள் எழுதுவதாகச் சொன்னார். எழுதினால் பாருங்கள், மற்றபடி உங்கள் முடிவு.

புதுப்பித்த ரெஸ்யூமை இத்துடன் இணைத்திருக்கிறேன், உங்கள் ஃபைலில் இருக்கட்டும். இந்த மாதம் எனக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும் போதும்.

நேரம் எடுத்து என்னைத் தேடி எழுதியதற்கு நன்றி மேடம்.

அன்புடன்,
செந்தில்
கோயம்புத்தூர்