பொருள்: ஆர்டர் எண் 4071836 – சட்டம் வளைந்து, பாகங்கள் குறைந்து வந்த 3டி பிரிண்டரை மாற்றித் தரக் கோருதல்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் ரூ. 21,490 செலுத்தி நான் வாங்கிய 3டி பிரிண்டர் செப்டம்பர் 12ஆம் தேதி கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் வலப்பக்கச் செங்குத்துச் சட்டம் வளைந்திருக்கிறது. சில பாகங்கள் பெட்டியிலேயே இல்லை. இதை உங்கள் அரட்டைச் சேவையில் தெரிவித்தபோது, சட்டத்தை உள்ளூர்ப் பட்டறையில் தட்டி நிமிர்த்திக்கொள்ளும்படியும், விடுபட்ட பாகங்களுக்கு ஈடாக 500 ரூபாய் கூப்பன் தருவதாகவும் பதில் வந்தது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பிரிண்டர் முழுவதையும் மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்கான காரணங்களை அரட்டைப் பெட்டிக்குள் எழுத இடம் போதவில்லை என்பதால் இந்த மின்னஞ்சல்.

முதலில் வளைவு. சட்டத்தைக் கடப்பாக்கல் மேடையில் படுக்கவைத்துப் பார்த்தேன். ஒரு முனை கல்லோடு படிந்திருக்க, மறுமுனை 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. இடப்பக்கச் சட்டம் அதே கல்லில் ஒரு தாள்கூட நுழையாதபடி படிகிறது. ஆகவே கோணல் கல்லில் இல்லை. வளைவு முன்பக்கமாக இருக்கிறது. அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கும் மூலைக்கு நேர் எதிரில்தான் அது தொடங்குகிறது. மூலைமட்டமும் அளவுகோலும் வைத்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

தட்டி நிமிர்த்தச் சொன்னவர் இந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்திருக்கலாம். அது வெறும் தாங்குகம்பி இல்லை. அதன் பள்ளத்தில்தான் குறுக்குச்சட்டத்தின் சக்கரங்கள் ஏறி இறங்குகின்றன. சுத்தியல் பட்ட அலுமினியப் பள்ளத்தில் மேடுபள்ளம் விழும். சக்கரம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இறுகும் அல்லது ஆடும். அச்சில் அது ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் வரியாகத் தெரியும். அடித்து நிமிர்த்திய பாதையில் ஓட்டிக்கொள் என்று எனக்குச் சொல்வது எந்த வகை வாடிக்கையாளர் சேவை?

என் வேலைக்குச் சட்டம் நேராக இருப்பது எவ்வளவு தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வழியாக ஓடிய மீட்டர்கேஜ் ரயிலின் மாதிரிகளை 1:87 அளவில் செய்வது என் பொழுதுபோக்கு. செங்கோட்டை மலைப்பாதையில் ஓடிய பெட்டிகள் எந்தக் கடையிலும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. நாமே செய்தால்தான் உண்டு. ஒரு பெட்டியின் பக்கச்சுவர் இந்த அளவில் ஏறக்குறைய 224 மி.மீ. நீளம் வரும். அதை நிற்கவைத்து அச்சிட்டால்தான் ஜன்னல் விளிம்புகள் எனக்குத் திருப்தியாக வருகின்றன. உங்கள் விளம்பரத்தில் 250 மி.மீ. அச்சு உயரம் என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த மாடலை வாங்கினேன். அந்த உயரத்துக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும், அசல் பெட்டியின் கணக்கில் அது பதின்மூன்று சென்டிமீட்டர். அப்படிச் சாய்ந்த ரயில் எந்தப் பாதையிலும் ஓடியதில்லை.

அடுத்தது, இல்லாத பாகங்கள். செங்குத்து அச்சின் லிமிட் சுவிட்ச், அதன் வயர், செங்குத்துச் சட்டங்களை அடித்தளத்தோடு இணைக்கும் எம்5 போல்ட்டுகள் இருக்க வேண்டிய பொட்டலம், அச்சுமேடையின் மேல் விரிக்கும் எஃகுத் தகடு, இழைச்சுருள் தாங்கி, கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் 250 கிராம் மாதிரி இழை ஆகியவை வரவில்லை. ஸ்பேனரும் ஆலன் சாவிகளும் இருக்கின்றன. பூட்டுவதற்குப் போல்ட்டுதான் இல்லை.

இவை வழியில் விழுந்திருக்கலாம் என்று உங்கள் ஊழியர் சொன்னார். விழுந்திருக்க முடியாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மொத்த எடை 9.6 கிலோ. உங்கள் கிடங்கிலிருந்து அனுப்பியபோது ஒட்டிய கூரியர் சீட்டில் இருக்கும் எடை 8.9 கிலோ. எழுநூறு கிராம், லாரியில் ஏறுவதற்கு முன்பே குறைந்திருக்கிறது. பெட்டியை மூடியிருக்கும் ஒட்டுநாடாவுக்கு அடியில், கத்தியால் கீறிய இன்னொரு பழைய நாடாவும் தெரிகிறது. யாரோ ஏற்கெனவே வாங்கித் திருப்பி அனுப்பிய பிரிண்டர் புதியது என்ற பெயரில் எனக்கு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நாசில் முனையில் கொஞ்சம் நீல இழை ஒட்டியிருக்கிறது. தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தாலும் அப்படி ஒட்டியிருக்கும் என்பதால் அதை நான் சான்றாகச் சொல்லவில்லை. எடைச் சீட்டே போதும்.

எனவே வளைவுக்குக் கூரியர்காரர் காரணமாக இருக்கலாம். குறைவுக்கு அவர் காரணமில்லை. வளைவிலும் அவரை மட்டும் சொல்ல மாட்டேன். உள்ளே இருந்த பஞ்சுத் தட்டு இரண்டாக உடைந்து, சட்டம் நேரடியாக அட்டையில் உரசிக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அப்பளமே உடையாமல் வெளியூர் போகிறது; அலுமினியம் வளையாமல் வந்திருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்த காணொளி கேட்டிருந்தீர்கள். நாடாவை வெட்டுவது முதல் கடைசிப் பொட்டலம் வரை இடைவெளியில்லாமல் என் தங்கை மகள் எடுத்தது இருக்கிறது, இணைப்பில் காண்க. நடுநடுவே அவள் சொல்லும் கருத்துகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிரிண்டரை நான் பூட்டவுமில்லை, மின்சாரம் கொடுக்கவுமில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். மின்வழங்கியின் பக்கத்தில் உள்ள சிறிய சுவிட்ச் 115 வோல்ட்டில் இருக்கிறது. எச்சரிக்கைச் சீட்டு எதுவும் அதன்மேல் இல்லை. விவரம் தெரியாத ஒருவர் நம் வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் மின்வழங்கி கருகிவிடும். என் புகார் ஒருபுறம் இருக்கட்டும், கிடங்கில் மிச்சமிருக்கும் பெட்டிகளிலாவது இதைப் பாருங்கள்.

திருப்பி அனுப்புவதில் ஒரு சிக்கல். எங்கள் பின்கோடுக்கு 'திரும்பப் பெறும் வசதி இல்லை' என்று உங்கள் செயலி காட்டுகிறது. மதுரையில் உள்ள மையத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். வாசலில் கொண்டுவந்து இறக்க வழி தெரிந்தவர்களுக்கு, அதே வாசலிலிருந்து எடுத்துப்போகவும் வழி தெரிய வேண்டும். நான் மதுரைக்குச் சுமந்து வர மாட்டேன். அனுப்பும் செலவையும் ஏற்க மாட்டேன்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அரட்டையில் வந்தது ஒப்புகை ஆகாது என்பதால், இந்த மின்னஞ்சலுக்குப் புகார் எண்ணோடு பதில் தேவை.

செப்டம்பர் 25ஆம் தேதிக்குள் கூரியர்காரரை அனுப்பிப் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, முத்திரை உடையாத புதிய பிரிண்டரை அனுப்புங்கள். கையிருப்பு இல்லையென்றால் ரூ. 21,490 முழுவதையும் நான் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூப்பனாகவோ உங்கள் செயலியின் பணப்பையிலோ வேண்டாம். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

இணைப்பு: விலைப்பட்டியல், வளைந்த சட்டத்தின் படங்கள், பெட்டியிலும் கூரியர் சீட்டிலும் உள்ள எடைகளின் படம், பெட்டியைத் திறந்த காணொளி, அரட்டைப் பதிவு.

இப்படிக்கு,
இசக்கிமுத்து
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்