இழுவையிலும் மூடிக்கொள்ளும் விரிசல்: உலோகச் சோர்வு பற்றிய ஓர் ஆய்வுச் சுருக்கம், மாணவர்களுக்கான தமிழில்

இங்கே தமிழில் தரப்படுவது, வோல்ஃப் எல்பர் எழுதி 1971-இல் ஏ.எஸ்.டி.எம். சிறப்புத் தொழில்நுட்ப வெளியீடு 486-இல் வெளிவந்த, சோர்வு விரிசல் மூடலின் முக்கியத்துவத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம். மூலச் சுருக்கம் ஐந்தே வாக்கியங்களால் ஆனது. துறையில் ஏற்கெனவே ஊறியவர்களுக்காக எழுதப்பட்டது. உலோகவியலும் இயந்திரவியலும் பயிலும் இளநிலை மாணவர்களுக்கு அந்த ஐந்து வாக்கியங்கள் மட்டும் போதாது என்பதால், சுருக்கத்தின் பொருளை முதலில் முழுமையாகத் தந்து, அதன்பின் அது எதை முன்னறிந்ததாக எடுத்துக்கொள்கிறதோ அதை விளக்கியிருக்கிறேன்.

ஆய்வுச் சுருக்கம்

மாறிமாறிச் செயல்படும் சுமை முழுவதும் இழுவையாகவே இருக்கும்போதுகூட, சோர்வால் உண்டாகும் விரிசலின் இரு முகங்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி நேரம் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்கின்றன என்பதற்குச் சோதனைச் சான்று இக்கட்டுரையில் அளிக்கப்படுகிறது. முன்னேறிச் செல்லும் விரிசல் தனக்குப் பின்னால் விட்டுச்செல்லும் தடத்தில் எஞ்சி நிற்கும் மீளா உருமாற்றமே இம்மூடலுக்குக் காரணம் என்பதைப் பகுப்பாய்வு காட்டுகிறது. விரிசல் வளரும் வீதத்தைக் கொடுக்கப்பட்ட தகைவு வீச்சைக் கொண்டு கணிக்காமல், விரிசல் உண்மையில் திறந்திருக்கும் பகுதிக்குரிய பயனுறு தகைவு வீச்சைக் கொண்டு கணிக்கும் கோவை ஒன்று முன்மொழியப்படுகிறது. 2024-T3 என்னும் அலுமினிய உலோகக் கலவைக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த விரிசல் வளர்ச்சித் தரவுகளுடன் இக்கோவை மிக நன்றாகப் பொருந்துகிறது. சுமையின் வீச்சு மாறிக்கொண்டே இருக்கும் சோதனைகளைப் பண்புநோக்கில் ஆராய்ந்தால், அவற்றில் காணப்படும் விரைவுறலையும் தாமதத்தையும் இந்த மூடல் நிகழ்வைக் கொண்டு விளக்க இயலும் எனத் தெரிகிறது.

விளக்கம்

தாங்குதிறனைவிட மிகக் குறைவான சுமையே செயல்பட்டாலும், அது பல்லாயிரம் முறை ஏறி இறங்கும்போது உலோகத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, கடைசியில் பாகத்தை உடைத்துவிடுகிறது. இதையே உலோகச் சோர்வு என்கிறோம். எல்பரின் கட்டுரை விரிசல் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றியதன்று; தோன்றிவிட்ட விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்பதைப் பற்றியது. வானூர்திப் பொறியாளருக்கு இரண்டாவது கேள்வியே அவசரமானது. ஏனெனில் விரிசலே இல்லாத வானூர்தியை யாராலும் உறுதியளிக்க முடியாது. இருக்கும் விரிசல் ஆபத்தான நீளத்தை எட்டும் முன்னரே அடுத்த ஆய்வு நடந்துவிடும் என்பதைத்தான் உறுதிப்படுத்த முடியும்.

அந்த வளர்ச்சி வீதத்தைக் கணிக்க 1960-களின் தொடக்கத்திலிருந்து பாரிஸ் விதி பயன்பட்டு வந்தது. ஒரு சுற்றுக்கு விரிசல் நீளும் அளவை da/dN என்றும், விரிசல் முனையில் தகைவு எவ்வளவு தீவிரமாகச் செறிகிறது என்பதைக் காட்டும் தகைவுத் தீவிரக் காரணி ஒரு சுற்றில் மாறும் வீச்சை ΔK என்றும் குறித்தால், அவ்விதி இவ்வாறு அமையும்:

da/dN = C(ΔK)^m

C, m ஆகிய இரண்டும் பொருளைச் சார்ந்த மாறிலிகள். இவ்விதியின் எளிமை வியக்கத்தக்கது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஒரே ΔK-ஐ, சிறும தகைவு சுழியாக இருக்கும் நிலையில் ஒரு முறையும், சிறும தகைவு உயர்ந்திருக்கும் நிலையில் மறுமுறையும் கொடுத்தால், இரண்டாவது நிலையில் விரிசல் வேகமாக வளர்கிறது. சிறும தகைவைப் பெரும தகைவால் வகுத்துக் கிடைக்கும் தகைவு விகிதத்தை R என்போம். R மாறினால் வேகம் மாறுகிறது என்பதை மேற்கண்ட சமன்பாடு சொல்லவில்லை; ஏன் மாறுகிறது என்பதையும் அது சொல்லவில்லை.

அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குத்தான் எல்பர் பதில் கண்டார். அதுவரை பொதுவாகக் கொள்ளப்பட்ட கருத்து, இழுவை இருக்கும்வரை விரிசல் திறந்தே இருக்கும், சுமை சுழியை அடைந்தோ அமுக்கமாக மாறியோ ஆகவேண்டும், அப்போதுதான் மூடும் என்பது. விரிசலைத் தகட்டில் ரம்பத்தால் அறுத்த மெல்லிய பிளவு என்று எண்ணினால் இது சரிதான். ஆனால் சோர்வு விரிசல் அறுக்கப்பட்டதன்று. அதன் முனையைச் சுற்றி உலோகம் மீட்சி எல்லையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. விரிசல் அந்த நீண்ட உலோகத்தின் ஊடாகவே வளர்ந்து செல்கிறது. ஆகையால், வளர்ந்து முடிந்த ஒவ்வொரு துண்டுத் தொலைவிலும் இரு முகங்களிலும் இழுபட்டு நீண்ட உலோகம் ஓர் அடுக்காக எஞ்சி நிற்கிறது. சுமை இறங்கும்போது சுற்றியுள்ள மீட்சியுள்ள உலோகம் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. ஆனால் இடையில் மிகுதியாகிவிட்ட இந்த அடுக்குக்கு இடமில்லை. மழைக்காலத்தில் ஊறிப் பெருத்த கதவு முழுவதும் சாத்தப்படும் முன்பே நிலையில் முட்டுவதைப் போல, சுமை சுழியை அடையும் முன்பே விரிசலின் முகங்கள் ஒன்றோடொன்று முட்டிவிடுகின்றன. சுருக்கத்தின் இரண்டாம் வாக்கியத்தில் உள்ள ‘தடத்தில் எஞ்சி நிற்கும் மீளா உருமாற்றம்’ என்பதன் பொருள் இதுவே. கட்டுரை முழுவதும் இந்த ஒரு படத்தின் மேல்தான் நிற்கிறது. மாணவர்கள் அடுத்த பத்திக்குச் செல்லும் முன் விரிசல் முனையையும், அதைச் சுற்றிய மீளாத் திரிபு மண்டலத்தையும், அதன் பின்னால் நீளும் தடத்தையும் தாளில் வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முகங்கள் முட்டியது எப்படித் தெரிய வந்தது? விரிசல் முனைக்கு அருகே இடப்பெயர்ச்சி மானியைப் பொருத்தி, சுமைக்கு எதிராக இடப்பெயர்ச்சியை வரைந்தால், தகட்டில் உள்ள விரிசல் முழுவதும் திறந்திருக்கும்வரை ஒரே சாய்வுள்ள நேர்கோடு கிடைக்க வேண்டும். உண்மையில் சுமை இறங்க இறங்கக் கோடு வளைகிறது. தகட்டின் விறைப்பு கூடுகிறது என்பதே அதன் பொருள். விரிசல் முகங்கள் தொட்டுச் சுமையைக் கடத்தத் தொடங்கினால் மட்டுமே விறைப்பு அவ்வாறு கூடும். இன்றும் விரிசல் திறக்கும் சுமையை அளக்க ஆய்வகங்களில் அடிப்படையில் இவ்வழியே பின்பற்றப்படுகிறது.

பெரும தகைவை Smax என்றும், சிறும தகைவை Smin என்றும், விரிசல் முழுவதும் திறக்கும் தகைவை Sop என்றும் குறிப்போம். Sop-க்குக் கீழே சுமை ஏறினாலும் இறங்கினாலும் முனையில் உள்ள உலோகம் அதைப் பெரிதும் உணர்வதில்லை. எனவே வளர்ச்சிக்குக் காரணமாவது Smax − Sop என்ற பகுதி மட்டுமே. அது மொத்த வீச்சில் எவ்வளவு பங்கு என்பதை எல்பர் U எனக் குறித்தார்:

U = (Smax − Sop)/(Smax − Smin)

da/dN = C(UΔK)^m

2024-T3-க்கு, R-இன் மதிப்பு −0.1 முதல் 0.7 வரையிலான எல்லைக்குள், U = 0.5 + 0.4R என்ற எளிய நேர்கோட்டு உறவு பொருந்துவதாக அவர் கண்டார்.

இதன் விளைவை எண்களில் பார்ப்பது நல்லது. ஒரு தகட்டில் தகைவு 0 முதல் 100 மெகாபாஸ்கல் வரை ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். R சுழி; ஆகவே U = 0.5. விரிசல் 50 மெகாபாஸ்கலில்தான் திறக்கிறது. நாம் கொடுத்த வீச்சில் சரிபாதி விரிசல் முனைக்கு எட்டவே இல்லை. இப்போது பெரும தகைவை 100-ஆகவே வைத்து, சிறும தகைவை 50-க்கு உயர்த்துவோம். R = 0.5, U = 0.7, பயனுறு வீச்சு 35 மெகாபாஸ்கல். மொத்த வீச்சு 100-இலிருந்து 50-ஆகப் பாதியாகிவிட்டது. பயனுறு வீச்சோ 50-இலிருந்து 35-ஆக மட்டுமே குறைந்திருக்கிறது. m-இன் மதிப்பு 3 என்று எடுத்துக்கொண்டால், பழைய விதி வளர்ச்சி வேகம் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்று கணிக்கும். எல்பரின் கோவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே குறையும் என்று கணிக்கும். ஆய்வு இடைவெளியை முதல் கணக்கின்படி வகுத்தவர், விரிசல் தாம் எண்ணியதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் வேகமாக வளர்வதை அறியாமலே இருப்பார்.

2024-T3 ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று மாணவர் கேட்கலாம். சுமார் 4.4 சதவீதம் செம்பும் 1.5 சதவீதம் மக்னீசியமும் சேர்ந்த இவ்வலுமினியக் கலவை, வானூர்தி உடற்பகுதியின் மேல்தகடாக நெடுங்காலம் பயன்பட்டு வருவது. T3 என்பது திண்கரைசல் வெப்பப்பதம் செய்து, குளிர்நிலையில் உருமாற்றி, அறை வெப்பநிலையில் இயல்பாக முதிரவிட்ட நிலையைக் குறிக்கும். வானூர்தி ஒவ்வொரு முறை மேலெழும்போதும் பயணிகள் அறையில் காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. தரையிறங்கியதும் அது நீங்குகிறது. ஒரு பயணம் மேல்தகட்டுக்கு ஒரு சோர்வுச் சுற்று. அதன் R ஏறத்தாழச் சுழி. அதாவது சுருக்கம் பேசும் ‘முழுவதும் இழுவையான சுமை’ இங்கே அன்றாட நிகழ்வு. 1988 ஏப்ரல் 28-இல் ஹவாய்த் தீவுகளின் மேல் பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் 243-ஆம் பயணத்தின் போயிங் 737-இல் மேற்கூரையின் ஒரு பெரும்பகுதி பெயர்ந்து பறந்ததும், விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் மூட்டின் ஆணித்துளைகளில் வளர்ந்த சோர்வு விரிசல்களால்தான். அவ்வானூர்தி அதற்குள் 89,680 சுற்றுகளைக் கடந்திருந்தது.

சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தை மாணவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே மிகவும் கருத்தைத் தூண்டுவதாகப் படுகிறது. ஒரே சீரான சுமையின் நடுவே ஒரே ஒரு முறை மிகைச் சுமை கொடுத்தால், விரிசலின் வளர்ச்சி அதன்பின் மெதுவாகிறது. பெரிய சுமை தீங்கு செய்யும் என்று எதிர்பார்க்கும் மனத்துக்கு இது முரணாகத் தோன்றும். மிகைச் சுமை முனைக்கு முன்னால் பெரியதொரு மீளாத் திரிபு மண்டலத்தை உண்டாக்கிவிடுகிறது. விரிசல் அதற்குள் நுழைந்து முன்னேறும்போது, மிகுதியாக நீண்ட அவ்வுலோகம் விரிசலின் தடத்தில் சேர்கிறது, முகங்கள் இன்னும் முன்னதாகவே முட்டுகின்றன, Sop உயர்கிறது, பயனுறு வீச்சு சுருங்குகிறது. நீண்ட உலோகம் முனைக்குப் பின்னால் வந்தபிறகே இது நிகழ வேண்டியிருப்பதால், தாமதம் மிகைச் சுமை கொடுத்த அக்கணத்திலேயே முழுமையாகத் தொடங்குவதில்லை. சோதனைகளிலும் அப்படியே காணப்படுகிறது. மாறாக, நெடுநேரம் சிறிய சுமையில் வளர்ந்த விரிசலுக்குத் திடீரெனப் பெரிய சுமைகள் தொடர்ந்து வந்தால், தடத்தில் உள்ள அடுக்கு மெல்லியது. Sop புதிய சுமைக்கு உரிய அளவை இன்னும் எட்டியிருக்காது. அதை எட்டும்வரை விரிசல் விரைந்து வளரும்.

‘பண்புநோக்கில்’ என்று எல்பர் எழுதியது கவனத்துக்குரியது. விளக்க இயலும் என்றுதான் அவர் சொன்னார். எத்தனை சுற்றுகளுக்குத் தாமதம் நீடிக்கும் என்று இக்கட்டுரையில் கணக்கிட்டுத் தரவில்லை. அதைக் கணக்கிடும் மாதிரிகள் பின்னரே வந்தன. அவற்றுள் நியூமன் உருவாக்கிய கணினி நிரல் பரவலாக அறியப்பட்டது. மூடல் மீளா உருமாற்றத்தால் மட்டும் நிகழ்வதில்லை என்பதும் பின்னர் தெரிந்தது: விரிசல் முகங்களில் படியும் ஆக்சைடு அடுக்கும், முகங்களின் சொரசொரப்பும்கூட அவை முன்னதாக முட்டக் காரணமாகலாம். 0.5 + 0.4R என்ற உறவை வேறு கலவைக்கோ, தடித்த பாகத்துக்கோ அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. தடித்த பாகத்தின் உட்பகுதியில் பக்கவாட்டுச் சுருக்கம் தடுக்கப்படுவதால் மீளாத் திரிபு மண்டலம் சிறிதாகிறது, மூடலும் அதற்கேற்பக் குறைகிறது.