ஆணா, பெண்ணா? மணலின் சூட்டைக் கேளுங்கள்!

(சென்னைக் கடற்கரையில் கடலாமைகளை ஆராயும் ஒருவரிடம் பேசிப் பதிவு செய்ததை வைத்து, 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்காக எழுதியது. "என் பேரெல்லாம் வேண்டாம், ஆமை அக்கான்னே போடுங்க, பசங்க அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றார். அப்படியே போட்டுவிட்டோம். மேற்கோள் குறிக்குள் இருப்பது அவருடைய பேச்சு.)

கோழி முட்டைக்குள் வளரும் குஞ்சு சேவலா பெட்டையா என்பது, முட்டை வெளியே வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். நாமும் அப்படித்தான். அம்மா வயிற்றில் உருவாகும் அந்த முதல் நொடியிலேயே நம்முடைய கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது.

கடலாமைக்கு அப்படி இல்லை. அம்மா ஆமை முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கடலுக்குத் திரும்பிப் போன பிறகும் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவாகியிருக்காது. முட்டைகளைச் சுற்றியுள்ள மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

நம்பமுடியவில்லையா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த அம்மாவைப் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டுக் கரையில் அதிகமாக முட்டையிட வருவது பங்குனி ஆமை. பெரிய ஆமையின் ஓடு ஏறக்குறைய 60, 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 40 கிலோவைத் தொடும். சென்னைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் முக்கியமான காலம். பெரும்பாலும் இரவில், கூட்டமும் வெளிச்சமும் இல்லாத இடமாகப் பார்த்து மெல்ல ஊர்ந்து ஏறும். பின்கால்களால்தான் குழி தோண்டும்.

"முகம் ஒரு பக்கம் பாத்துட்டிருக்கும், பின்னாடி ரெண்டு துடுப்பும் மாத்தி மாத்தி மண்ணை அள்ளி வெளியே போடும். குழியை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காது. ஆனா குழி அவ்வளவு அழகா இருக்கும், அடியில அகலமா, வாய் குறுகலா."

அந்தக் குழிக்குள் நூறு முட்டைக்கு மேல் விழும். டேபிள் டென்னிஸ் பந்து அளவு, அதே வெள்ளை நிறம். ஆனால் ஓடு கெட்டியாக இருக்காது, தொட்டால் தோல் போல லேசாக அமுங்கும். அதனால் குழிக்குள் விழும்போது உடைவதில்லை.

அந்த நேரத்தில் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வலியில் அழுகிறது என்று பலர் சொல்வார்கள். அது வலியால் வருவதல்ல. கடல் தண்ணீரும் கடல் உணவும் உடம்புக்குள் போவதால் உப்பு அதிகமாகச் சேர்ந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பிகள் அந்த உப்பை வெளியே தள்ளுகின்றன. தண்ணீருக்குள் இருக்கும்போதும் இதே வேலை நடக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, சூட்டுக்கு வருவோம்.

மணல் கொஞ்சம் குளுமையாக இருந்தால் ஆண் குட்டிகள் அதிகம். சூடாக இருந்தால் பெண் குட்டிகள் அதிகம். நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அந்த அளவில் பாதிக்குப் பாதி வரும். அது ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸிலிருந்து 31 டிகிரிக்குள் எங்கோ இருக்கிறது. ஆமையின் வகையைப் பொறுத்தும், கடற்கரையைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும்.

ஆமை அக்கா இந்த இடத்தில் ரெக்கார்டரைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதைச் சரியா எழுதணும். 30-க்கு மேல போனா எல்லாம் பெண்ணுன்னு போட்டுடாதீங்க. அது சுவிட்ச் இல்ல. 28-ல பெரும்பாலும் ஆண் வரும், ஒண்ணு ரெண்டு பெண்ணும் வரலாம். சூடு ஏற ஏறப் பெண் கூடிட்டே போகும். ஒரே குழியிலகூட நடுவுல இருக்கற முட்டை வேற சூட்டுல இருக்கும், ஓரத்து முட்டை வேற சூட்டுல இருக்கும்."

நடுவில் இருக்கும் முட்டைக்கு ஏன் வேறு சூடு? நூறு முட்டைக்குள் நூறு உயிர் வளர்கிறது. வளரும் உயிர் எல்லாமே கொஞ்சம் சூட்டை வெளியே விடும். நடுவில் இருப்பவற்றுக்குச் சுற்றிலும் கூட்டம், அதனால் அங்கே சூடு அதிகம்.

இன்னொரு வேடிக்கை. முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாட்கள் ஆகும். அத்தனை நாள் சூடும் ஆண், பெண் கணக்கில் சேராது. நடுப்பகுதிதான் முக்கியம். ஒரு குழி 48 நாளில் பொரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 16 நாள். முதல் 16 நாளும் கடைசி 16 நாளும் போக, 17-ஆம் நாளிலிருந்து 32-ஆம் நாள் வரை மணல் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. குட்டிக்குள் ஆண் உறுப்பாகவோ பெண் உறுப்பாகவோ மாறப்போகும் சின்னத் திசு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும்.

அந்தத் திசுவுக்குள் என்ன நடக்கிறது? நம் உடம்பில் ஹார்மோன் என்ற வேதிப்பொருட்கள் உண்டு. ஓர் உறுப்பு எப்படி வளர வேண்டும், எப்போது வளர வேண்டும் என்ற செய்தியை அவை எடுத்துப் போகும். ஆண் தன்மைக்கான ஹார்மோனைப் பெண் தன்மைக்கான ஹார்மோனாக மாற்றுவதற்கு அரோமட்டேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. மணல் சூடாக இருக்கும்போது முட்டைக்குள் அதன் வேலை மும்முரமாக நடக்கும், குளுமையில் மந்தமாகிவிடும். இதுவும் கதையில் ஒரு பகுதிதான். சூடு ஏறியிருக்கிறது என்று அந்தத் திசு முதலில் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப ஃப்ரிட்ஜுல வச்சா எல்லாமே ஆணா வருமா?" என்று கேட்டோம். (நீங்களும் இதைத்தான் நினைத்திருப்பீர்கள்.)

"ஆணும் வராது, பெண்ணும் வராது. முட்டை செத்துடும். ரொம்பச் சூடும் அப்படித்தான், 35 டிகிரிக்கு மேல நாள் கணக்கா இருந்தா குட்டி உள்ளேயே போயிடும்."

குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? முடியாது. வெளியிலிருந்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வளர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஆணுக்கு வால் நீண்டு ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்குக் குட்டை. அதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். வெப்பநிலையைத் தானாகவே அளந்து குறித்துக்கொள்ளும் சின்னக் கருவியைக் குழிக்குள் முட்டைகளோடு வைத்துவிடுவார்கள். குட்டிகள் போன பிறகு தோண்டி எடுத்தால், மணலின் சூடு நாள்தோறும் எப்படி ஏறி இறங்கியது என்று தெரிந்துவிடும். குழிக்குள் தானாகவே இறந்துபோன குட்டிகள் கிடைத்தால் அவற்றின் உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து, கணக்கு சரிதானா என்று ஒப்பிடுவார்கள். உயிரோடு இருக்கும் குட்டியை இதற்காகக் கொல்வதில்லை என்று அக்கா சொன்னார்.

உலகம் சூடாகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் பெரும் பவளத்திட்டின் வடபகுதியிலிருந்து வந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து, 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அங்கே இளம் ஆமைகளில் 100-க்கு 99 பெண். ஆனால் அது பச்சை ஆமை, நம்முடையது பங்குனி ஆமை. அந்த எண்ணை அப்படியே தூக்கி நம் கடற்கரைக்குச் சொல்லக்கூடாது. இங்கே என்ன நடக்கிறது என்பதை இங்கேதான் அளக்க வேண்டும், அக்காவின் வேலையே அதுதான்.

சென்னைக் கடற்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. நாய்கள் குழியைத் தோண்டிவிடும், ஆட்கள் மிதிப்பார்கள். அதனால் 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. எடுப்பதில் ஒரு கண்டிப்பு: இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், முட்டையைப் புரட்டக் கூடாது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் கரு முட்டையின் மேல்பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு தலைகீழாகத் திருப்பினால் கரு செத்துப்போகலாம்.

பொரிப்பகத்துக்கு மேலே நிழல் போட்டால் மணல் குளுமையாகும். நிழல் போடாமல் விட்டால் சூடேறும். அதாவது, காப்பாற்றுகிறோம் என்று நாம் போடும் ஒரு கூரைகூட எத்தனை ஆண், எத்தனை பெண் என்ற கணக்கை மாற்றிவிடும். அதனால்தான் அங்கேயும் மணலை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

பொரிந்த குட்டிகள் உடனே ஓடிவிடுவதில்லை. சில நாட்கள் சேர்ந்தே மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மேல்மண் சுட்டால் நின்றுவிடும், குளிர்ந்ததும் கிளம்பும். இதனால்தான் பெரும்பாலும் இரவில் வெளியே வருகின்றன. வந்ததும் எது வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். விளக்கு இல்லாத கரையில் வெளிச்சம் கடல் பக்கம்தான். தெருவிளக்கு எரியும் கரையில் சாலைப் பக்கம் போய்விடும்.

இரண்டு விஷயங்களை மட்டும் அக்கா கறாராகச் சொன்னார்.

முதலாவது, "ஆயிரம் குட்டியில் ஒன்றுதான் பிழைக்கும்" என்று எல்லோரும் சொல்வது. "அது மதிப்பீடு. கடலுக்குள்ள கூடவே போய் யாரும் எண்ணல. ரொம்பக் கொஞ்சம்தான் பிழைக்கும்னு எழுதுங்க, அது உண்மை."

இரண்டாவது, "பிறந்த கரைக்கே திரும்பி வரும்" என்பது. பெண் ஆமைகள் பல தாம் பிறந்த பகுதிப் பக்கமே முட்டையிட வருகின்றன என்பதற்கு மரபணு ஆதாரம் இருக்கிறது. அதற்காக ஒரு தெருவைத் தேடி வருவதுபோல் அதே இடத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. 2021-இல் ஒடிசாவில் துடுப்பில் எண் பொறித்த தகடு மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட வந்தது. இந்தியாவின் கிழக்குக் கரையில் பார்த்தது மேற்குக் கரையில்! வரைபடத்தை எடுத்து, ஒடிசாவிலிருந்து இலங்கையைச் சுற்றிக் குஹாகர் வரை விரலை ஓட்டிப் பாருங்கள். ஆமை அந்த வழியாகத்தான் வந்ததா என்று அந்தத் தகடு சொல்லாது. எங்கே மாட்டினார்கள், எங்கே கண்டார்கள் என்று மட்டும்தான் அதை வைத்துச் சொல்ல முடியும்.

நீங்களே அளந்து பாருங்கள்

கடற்கரையில் தோண்ட வேண்டாம், குழி இருந்தாலும் இருக்கும். பள்ளியிலோ வீட்டுப் பக்கத்திலோ கொட்டிக்கிடக்கும் மணல் குவியல் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது நம் உடம்புச் சூட்டை ஒட்டிய அளவுகளை மட்டும்தான் காட்டும். அறிவியல் டீச்சரிடம் ஆய்வகத் தெர்மாமீட்டர் கேளுங்கள். அதை மணலில் அழுத்திக் குத்தாதீர்கள், உடைந்துவிடும். முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு, அப்புறம் உள்ளே விடுங்கள்.

காலை 7 மணி, மதியம் 2 மணி, மாலை 6 மணிக்கு மேல்மண்ணில் ஒரு தடவை, ஒரு சாண் ஆழத்தில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். இப்படி ஒரு வாரம். பிறகு குவியலில் பாதிக்கு மேல் ஒரு பழைய சாக்கை நிழலாகக் கட்டி, வெயில் படும் பாதியையும் நிழல் பாதியையும் அதே மாதிரி அளந்து எழுதுங்கள். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே மேல்மண் எவ்வளவு மாறுகிறது, ஆழத்து மண் எவ்வளவு மாறுகிறது, நிழல் எத்தனை டிகிரி குறைக்கிறது என்று பாருங்கள். நிழலுக்குக் கீழே உங்கள் ஆழத்து மணல் 30 டிகிரிக்கு மேலா, கீழா?