மஞ்சள் கருவை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

சென்ற வாரம் மதிய உணவு வேளையில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சத்துணவில் கொடுத்த அவித்த முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைத் தோழியின் தட்டில் வைத்தாள். காரணம் கேட்டபோது, அவளுடைய அப்பாருவுக்குச் சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்ததாகவும், அன்றிலிருந்து வீட்டில் யாரும் மஞ்சள் கருவைத் தொடுவதில்லை என்றும் சொன்னாள். முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் மாவட்டத்திலேயே மஞ்சள் கருவுக்கு இப்படியோர் அச்சம் இருப்பதால், உயிரியல் ஆசிரியர் என்ற முறையில் மாணவர்களாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

முட்டையில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 180 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கிறது. அது முழுவதும் மஞ்சள் கருவில்தான். ஆனால் தின்ற கொலஸ்ட்ரால் அப்படியே இரத்தத்தில் போய்ச் சேர்ந்து, குழாய்க்குள் உப்பு படிவது போல நாளங்களில் படிந்துவிடும் என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது. குடல் அதில் ஏறத்தாழ பாதியையே உறிஞ்சுகிறது. மேலும், கொலஸ்ட்ரால் நம் உடலுக்கு அந்நியப் பொருள் அன்று. செல்களின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், வைட்டமின் டி உருவாவதற்கும், உங்கள் வயதில் சுரக்கத் தொடங்கும் பாலின ஹார்மோன்களுக்கும் அது தேவைப்படுவதால், உணவில் ஒரு துளியும் இல்லாவிட்டாலும் உடல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த வேலையில் கல்லீரலின் பங்கு பெரிது. உணவின் வழியாகக் கொலஸ்ட்ரால் அதிகமாக வந்தால், பெரும்பாலானோரின் உடல் தன் தயாரிப்பைக் குறைத்து அதை ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆகவே முட்டை தின்பதால் இரத்தக் கொலஸ்ட்ரால் சற்று உயரலாம் என்றாலும், அந்த உயர்வு பலருக்குச் சிறிதாகவே இருக்கிறது.

பிறகு இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுவது எதனால்? உணவைப் பொறுத்தவரை முதற் காரணம் செறிவுற்ற கொழுப்பு. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. செறிவுற்ற கொழுப்பை நிறையத் தின்றால் இந்த ஏற்பிகளின் செயல் குறைகிறது. பிடிப்பார் இல்லாத துகள்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. (இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.)

ஒரு முட்டையில் செறிவுற்ற கொழுப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயிலோ கொலஸ்ட்ரால் அறவே இல்லை. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பதினோரு கிராமுக்கும் மேல் செறிவுற்ற கொழுப்பு இருக்கிறது. எண்ணெய்ப் பொட்டலங்களில் ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும், ஏனெனில் தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படியாக இருப்பதில்லை. மாலையில் கடையில் கலக்கி வாங்கும்போது முட்டையை எண்ணுவதோடு, கல்லில் ஊற்றும் எண்ணெயையும், கூட வரும் பரோட்டாவில் சேர்ந்திருக்கும் வனஸ்பதியையும் கணக்கில் வையுங்கள்.

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1913-இல் ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டியபோது அவற்றின் நாளங்களில் கொழுப்பு படிந்தது. முயலோ தழை தின்னும் விலங்கு. மனித உடலைப் போல் அதைச் சமாளிக்கும் திறன் அதற்கு இல்லை. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குள் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-க்குப் பின் அந்த 300 என்ற வரம்பைக் கைவிட்டது.

இதனால் எல்லோரும் எத்தனை முட்டை வேண்டுமானாலும் தின்னலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ராலால் எல்.டி.எல். மற்றவர்களைவிட அதிகமாக உயர்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பரம்பரையாகவே எல்.டி.எல். மிகுந்திருக்கும் குறைபாடு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அவர்களுடைய ஏற்பிகள் பிறவியிலிருந்தே சரியாக இயங்குவதில்லை. வீட்டில் யாருக்கேனும் இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், பெற்றோர் மருத்துவரிடம் கேட்டு உங்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

அந்த மாணவியிடம் அவளுடைய அப்பாருவின் வயதைக் கேட்டேன். எழுபத்திரண்டு என்றாள், அறுபது ஆண்டுகளாகப் பீடி குடிப்பவராம். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். அவளுக்கு வேறு நோயோ ஒவ்வாமையோ இல்லை என்பதால், மறுநாள் சத்துணவு முட்டையை முழுதாகத் தின்னச் சொன்னேன்.