புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கும்: முதல் இரண்டு கிழமை வேலைகள்

வணக்கம் தம்பிமார், தங்கச்சிமார். யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ் ஆசனப் பதிவுதான் எங்கள் வேலை. கோட் என்ன செய்கிறது என்பதைக் கோடிலேயே வாசிக்கலாம், ஏன் அப்படிச் செய்கிறது என்பது கிட்ஹப் இஷ்யூவில்தான் கிடக்கிறது. நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் கோடை மட்டும் தந்து வாசி என்றார்கள், ஒரு மாதம் போயும் ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

முதலில் #214. நல்லூர்த் திருவிழா நேரம் ஒரே ஆசனம் இரண்டு பேருக்குப் போன பிழை, திருத்தி மூடியாயிற்று.

```
git log --grep="#214"
```

வருகிற கமிட்டை `git show` போட்டுத் திறந்து, இஷ்யூவில் நடந்த பேச்சையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஆசனம் காலியா என்று கோடில் பார்த்தால் போதாதா, ஏன் டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு போட்டோம்? பதிலை உங்கள் சொல்லில் அங்கேயே எழுதுங்கள்.

அடுத்தது ஆளுக்கொன்று, #391 முதல் #394 வரை. எல்லாம் "புறகோட்டை" மாதிரி எழுத்துப் பிழைகள், திருத்த இரண்டு நிமிடம் போதும். ஆனால் இஷ்யூவை உங்கள் பெயரில் எடுத்து, எண்ணோடு பிராஞ்ச் போட்டு, புல் ரிக்வெஸ்ட் விவரத்தில் `Fixes #391` என்று எழுதுங்கள். `main`இல் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடும். # விடுபட்டால் மூடாது.

#402தான் கனமானது, இருவர் இருவராகச் செய்யுங்கள். பயணிக்குப் போகிற எஸ்.எம்.எஸ் ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போய் செலவு கூடுகிறது. எங்கள் கோட் 160 என்று கணக்குப் பார்க்கிறது, தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 70தான், அதைத் தாண்டிப் பிரிந்தால் துண்டுக்கு 67. அதிலும் இதைப் பாருங்கள்:

```
> "யாழ்ப்பாணம்".length
11
```

கண்ணுக்கு ஆறு எழுத்து, ஆனால் குறிலும் புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. கோடைத் தொட முதல், எந்தச் செய்தி, எத்தனை எழுத்து, எத்தனை துண்டு என்று இஷ்யூவில் எழுதுங்கள். அப்புறம் தோற்கிற டெஸ்ட் ஒன்று, அதன் பிறகே திருத்தம்.

கடைசியாக, நீங்களே ஒரு இஷ்யூ திறக்க வேண்டும். உங்கள் மெஷினில் புராஜெக்டை ஓட வைக்கும்போது எங்கே தடக்கினீர்களோ அதுவே போதும். எனக்குத்தான் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், பழகிப்போன எங்கள் கண்ணில் அது படாது.

அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றால், என்ன செய்து பார்த்தீர்கள் என்று இஷ்யூவில் இரண்டு வரி போட்டுவிட்டு என் மேசைக்கு வாருங்கள். வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு #214இல் நீங்கள் எழுதியதை எல்லோருமாக இருந்து வாசிப்போம்.